கல்லுக்குப் பயந்து பாலை நிறுத்தலாமா?

சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருபவரிடம் மருத்துவர் முதலில் பார்ப்பது கல்லின் வகையை. பெரும்பாலும் அது கால்சியம் ஆக்சலேட்டாக இருக்கும். அடுத்தது உணவுக் கணக்கு. சாப்பாட்டைப் பற்றி நோயாளி சொல்வது ஒரு சான்று, 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை இன்னொரு சான்று. இரண்டையும் ஒத்துப் பார்த்த பிறகே இலக்கு எழுத வேண்டும். ‘நிறையத் தண்ணீர் குடிக்கவும், கீரையைக் குறைக்கவும்’ என்று சீட்டில் எழுதுவது இலக்காகாது. அளவு சொல்லாத அறிவுரையை அடுத்த முறை சரிபார்க்க வழியில்லை.

சேகரிக்கும் நாளில் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து மறுநாள் அதே நேரம் வரை போவது முழுவதும் கேனுக்குள் வர வேண்டும். ஒருவேளை விட்டுப்போனால் அதைக் கிரியேட்டினின் காட்டிக்கொடுத்துவிடும். ஆண்களுக்கு அது எடையில் கிலோவுக்குச் சுமார் 20 மில்லிகிராம் இருக்கும். அதில் பாதிதான் இருந்தால் கேன் நிறையவில்லை என்றே பொருள். அன்று மட்டும் பத்தியம் இருந்தாலும் கணக்கு பொய்த்துவிடும். வழக்கமான சாப்பாடே வேண்டும்.

ஓர் உதாரணம். 42 வயது பஸ் ஓட்டுநர், எடை 68 கிலோ, வந்திருப்பது மூன்றாவது கல். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிப்பதாகச் சொல்கிறார். சிறுநீரோ 1.3 லிட்டர்தான். கிரியேட்டினின் 1,430 மில்லிகிராம் இருப்பதால் சேகரிப்பில் குறையில்லை. என்ஜின் சூட்டில் ஒரு பங்கு வியர்வையாகிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் வேலை நேரத்தைத் தனியாகக் கேட்டால் வேறு செய்தியும் வருகிறது. வழியில் கழிப்பறை கிடைக்காது என்பதால் காலை ஐந்து மணி முதல் மதியம் வரை அவர் தண்ணீரைத் தொடுவதே இல்லை. அதனால் இலக்கைக் குடிக்கும் அளவில் எழுதாமல் வெளியேறும் அளவில் எழுதுவதே சரி: நாளுக்கு 2.5 லிட்டர் சிறுநீர். ஒவ்வொரு டிரிப் முடிவிலும் அரை லிட்டர், படுக்கும் முன் ஒரு பெரிய டம்ளர் என்று நேரமும் குறிக்கப்படுகிறது.

உப்பை யாரும் சரியாகச் சொல்வதில்லை. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் நினைவுக்கு வரும், சோற்றிலும் குழம்பிலும் போட்டது வராது. வீட்டில் எத்தனை பேர், ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று கேட்பது மேல். இவர் வீட்டில் மூன்று பேருக்கு ஒரு மாதம், அதாவது தலைக்கு நாளொன்றுக்கு 11 கிராம். சிறுநீரில் சோடியம் 210 மில்லிமோல். அதை 17-ஆல் வகுத்தால் 12 கிராம் உப்பு. வீட்டுக் கணக்குக்கு மேலுள்ளது ஓட்டல் சாப்பாட்டில் வந்திருக்கலாம். சோடியம் கூடினால் சிறுநீரகம் கால்சியத்தையும் சேர்த்து வெளியே விடுகிறது. இவருக்குச் சிறுநீர்க் கால்சியம் 290 மில்லிகிராம். உப்பு 6 கிராமுக்கு இறங்கினாலே அதில் சுமார் 40 மில்லிகிராம் குறையலாம்.

இவர் செய்த பெரிய தவறு, கல்லில் கால்சியம் இருக்கிறது என்று பாலையும் தயிரையும் நிறுத்தியது. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். அது இல்லாதபோது ஆக்சலேட் இரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வருகிறது. இத்தாலியில் போர்கி குழுவினர் கால்சியம் மிகுதியாக வெளியேறும் 120 ஆண்களை ஐந்து ஆண்டு கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, கால்சியத்தை வழக்கம்போல் வைத்துக்கொண்டு உப்பையும் மாமிசத்தையும் குறைத்தவர்களுக்கே கல் குறைவாகத் திரும்பியது.

இவரது சிறுநீரில் ஆக்சலேட் 48 மில்லிகிராம். 40-க்குள் இருப்பது நல்லது. உணவில் கால்சியம் 350 மில்லிகிராம் அளவே. காலையில் 200 மில்லி பால், மதியம் ஒரு கிண்ணம் தயிர், இரவில் உப்பில்லாத தயிர் அரைக் கிண்ணத்துக்குச் சற்று மேல் சேர்த்தால் 1,000-ஐத் தொடும். வேளைச் சாப்பாட்டோடு சேர்த்தே இவற்றை எடுக்க வேண்டும். இவருக்குப் பட்டியல் நீட்டிக் கீரைகளையெல்லாம் தடுக்கத் தேவையில்லை. தினமும் சாப்பிட்ட பாலக்கீரையையும் கைநிறைய முந்திரியையும் நிறுத்தினால் போதும். ஆக்சலேட் கூடாதவருக்கு அந்தத் தடையும் வேண்டாம். வைட்டமின் சி மாத்திரை எடுக்கிறாரா என்று மட்டும் கேட்டுவிட வேண்டும், அதுவும் உடலில் ஆக்சலேட்டாக மாறும்.

கோப்பில் ஒவ்வொரு இலக்குக்கும் பக்கத்தில் இன்றைய அளவும் இருக்க வேண்டும்: சிறுநீர் 1.3-லிருந்து 2.5 லிட்டர், சோடியம் 210-லிருந்து 100 மில்லிமோல், உணவுக் கால்சியம் 350-லிருந்து 1,000 மில்லிகிராம், ஆக்சலேட் 48-லிருந்து 40-க்குள். இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகம் செயலிழந்து வருபவர்களுக்கும் இந்தத் தண்ணீர் அளவு பொருந்தாது. ஆறு மாதத்துக்குள் 24 மணி நேரச் சிறுநீரை மறுபடி சோதிக்க வேண்டும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை.