புள்ளி தெரிய வேண்டும்

மவுண்ட் ரோட்டில், ஜெமினி பாலம் ஏறி இறங்கும் பஸ்ஸின் ஜன்னலோர இருக்கை ஒருகாலத்தில் இலவசச் சினிமா. இருபுறமும் கையால் வரைந்த பேனர்கள் நிற்கும். நாயகனின் சிவந்த முகமும் நாயகியின் நீலம் பாய்ந்த கன்னமும் பலருக்கு நினைவிருக்கும். நான் பேச வந்தது முகங்களைப் பற்றியல்ல. அவற்றின் கீழே கட்டடம்போல் எழுந்து நின்ற படப்பெயர் எழுத்துகளைப் பற்றி.

அந்த எழுத்துகளின் ஆர்ப்பாட்டத்தைப் பலர் வெறும் மிகை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். பருமன், பட்டை பட்டையான அவுட்லைன், மஞ்சளும் சிவப்புமாக மோதும் நிறம் எல்லாமே ஒரு கேள்விக்கான விடைகள். நூறு மீட்டர் தொலைவில் ஓடும் பஸ்ஸில் இருப்பவர் ஒரே பார்வையில் பெயரைப் படித்துவிடுவாரா என்பதே அந்தக் கேள்வி.

பஸ் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நூறு மீட்டரைக் கடக்க ஒன்பது வினாடி ஆகும். அந்த ஒன்பது வினாடியும் யாரும் பேனரையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பெயருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு வினாடிதான். கண்ணுக்கும் ஒரு வரம்பு உண்டு. நல்ல பார்வை உள்ளவருக்கே நூறு மீட்டரில் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டருக்குக் குறைந்த கோடும் இடைவெளியும் தனியாகத் தெரியாது. பக்கத்து நிறத்தோடு கலந்துவிடும். ஓர் அங்குல அவுட்லைன் பக்கத்தில் நின்று பார்த்தால் தடிமனாகத் தெரியும். தெருவில் அது இல்லாத மாதிரிதான். இரண்டு மூன்று அங்குலம் இழுத்தால்தான் கோடு கோடாக நிற்கும்.

தமிழில் எழுதுபவருக்குச் சிக்கல் கூடுதல். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரத்துக்குள் அடங்கிவிடும். நம் எழுத்துகளில் மேலே கொக்கியும் புள்ளியும் ஏறும், கீழே கால் இறங்கும், உள்ளே சுழி சுற்றும். ரெண்டு சுழி ‘ன’வையும் மூணு சுழி ‘ண’வையும் பிரித்துக் காட்டுவது உள்ளே இருக்கும் சின்னச் சின்ன வெற்றிடங்கள்தான். அவை அடைபட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். புள்ளி மங்கினால் ‘ன்’ என்பது ‘ன’ ஆகிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ‘லை’, ‘ணை’ போன்றவற்றுக்கு யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு மேலே இருந்தது. பெயரில் அது வந்தால் முதலில் அதற்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற எழுத்துகளுக்கு உயரம் தர முடியும்.

ஒரு பெயரை எடுத்துக்கொண்டு எழுதிப் பார்ப்போம். 1987-இல் வந்த ‘நாயகன்’ என்ற பெயரை நாமே முப்பதடி அகலப் பட்டையில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எழுத்தின் உயரம் நான்கடி, ‘ன்’னுக்கு ஐந்தடி அகலம், கோட்டின் பருமன் அரையடி. ‘ன’வை இடமிருந்து வலமாகக் கடந்தால் நான்கு கோடுகள் வரும். அவற்றுக்கே இரண்டடி போய்விடும். மிச்சம் மூன்றடியை மூன்று இடைவெளிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு அங்குலம் கிடைக்கும். தட்டையாக எழுதினால் இது தாராளம்.

இப்போது எழுத்துக்குப் பருமன் கொடுக்க வேண்டும். எழுத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் கீழே ஒரே புள்ளியை நோக்கிக் கோடு இழுப்பார்கள். கீழே ஏன்? அந்தப் புள்ளிதான் பார்ப்பவரின் கண்மட்டம். அது எழுத்துக்குக் கீழே இருந்தால் எழுத்தின் அடிப்பக்கம் தெரியும். தேர்ச்சக்கரத்தின் அருகில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல் எழுத்து ஓங்கி நிற்கும். நேர்கோட்டு எழுத்தானால் மூலைகள் தெளிவாக இருக்கும். ‘ய’, ‘க’, ‘ன’ போன்ற வளைவுகளில் மூலை ஏது? அங்கே அந்தப் புள்ளியிலிருந்து வரும் கோடு வளைவை எங்கே உரசிக்கொண்டு போகிறதோ அதுதான் மூலை. அந்த இடத்தைத் தவறவிட்டால் எழுத்து பலகையில் வெட்டி ஒட்டியதுபோல் இல்லாமல் மாவில் அமுங்கியதுபோல் ஆகிவிடும்.

அந்தப் புள்ளியை எவ்வளவு கீழே வைப்பது என்பதில்தான் கைத்தேர்ச்சி இருக்கிறது. எழுத்துக்கு இருபதடி கீழே, பெயரின் நடுவுக்கு நேராக வைத்ததாகக் கொள்வோம். கடைசி எழுத்தான ‘ன்’ நடுவிலிருந்து பதின்மூன்றடி தள்ளி இருக்கிறது. அதன் பருமன் ஓரடி கீழே இறங்கும்போது பக்கவாட்டில் எட்டு அங்குலம் சாயும். அந்தச் சாய்வு எழுத்தின் இடைவெளிக்குள் போய் விழும். பன்னிரண்டில் எட்டு போனது. அவுட்லைனுக்கு இரண்டு போனது. சுழிக்குள் மிஞ்சுவது இரண்டே அங்குலம், அதாவது ஐந்து சென்டிமீட்டர். நூறு மீட்டரில் அது ஒரு மங்கல் கீற்று. பட்டறையில் கம்பீரமாகத் தெரிந்த எழுத்து தெருவில் அடைத்துப்போவது இப்படித்தான்.

புள்ளியை நாற்பதடி கீழே தள்ளினால் சாய்வு நான்கு அங்குலமாகக் குறையும். சுழிக்குள் ஆறு அங்குலம் திறந்திருக்கும். மிரட்டல் கொஞ்சம் குறையும்தான், ஆனால் பெயர் படிக்கும். நான் அந்தப் பக்கம்தான். நாற்பதடிக்குத் தரையில் கயிறு கட்டத் தேவையில்லை. ஓரடி அகலத் தாளில் ஸ்கெட்ச் போட்டால் அந்த நாற்பதடி பதினாறு அங்குலமாகிவிடும். பிறகு தாளில் கட்டம் போட்டு, துணியிலோ பலகையிலோ அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்துப் பெரிதாக்கலாம். முகங்களையும் இப்படித்தான் பெரிதாக்கினார்கள்.

நிறத்தில் கவனிக்க வேண்டியது எது வெளுப்பு, எது கறுப்பு என்பதுதான். நல்ல சிவப்பும் நல்ல நீலமும் பக்கத்தில் பார்த்தால் ஒன்றோடொன்று சண்டை போடும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல். அவற்றின் விளிம்பு தூரத்தில் அதிரும், உருவம் பிடிபடாது. இடையில் ஒரு வெள்ளைக் கோடு போனால் அதிர்வு அடங்கும். எழுத்தின் முகம் மஞ்சள், பருமன் கருநீலம் அல்லது கறுப்பு, பின்னணி சிவப்பு என்ற பழைய சேர்க்கை நிலைத்ததற்கும் காரணம் இதுதான்: மஞ்சள் மற்ற இரண்டையும்விட மிக வெளுப்பு. இன்னொன்றும் உண்டு. பொழுது சாயும்போது நம் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் இருண்டுபோகும். முகத்தைச் சிவப்பில் எழுதியவருக்கு, மாலைக் காட்சிக்கு ஆள் சேரும் நேரத்தில் பெயர் காணாமல் போகும்.

பூசும் வரிசையும் இதற்குத் தகுந்ததுதான். முதலில் பின்னணி, பிறகு பருமன், அதன் மேல் எழுத்தின் முகம், எல்லாம் காய்ந்த பிறகு அவுட்லைன். கடைசியில் இழுக்கும் கோடு முந்தைய கைப்பிசகுகளை மூடிவிடும். பருமனிலும் அடிப்பக்கத்துக்கு ஒரு அடர்த்தி, பக்கவாட்டுக்குக் கொஞ்சம் வெளிர் என்று இரண்டாகப் பிரித்தால்தான் அது பருமனாகத் தெரியும். ஒரே நிறத்தில் தீட்டினால் வெறும் நிழல்.

பட்டறையில் நூறு மீட்டர் பின்னால் போக இடம் ஏது? அதற்கு வழி, முப்பதடிப் பட்டையின் ஓரடி ஸ்கெட்ச்சைச் சுவரில் ஒட்டி, பதினோரடி தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பது. நூறு மீட்டரில் பேனர் எப்படித் தெரியுமோ, அப்படியே தெரியும்.

1990-களின் கடைசியில் கம்ப்யூட்டர் அச்சு வந்தது. சில ஆண்டுகளில் தெருவெல்லாம் ஃப்ளெக்ஸ் ஆகி, பேனர் பட்டறைகள் மூடத் தொடங்கின. தூரிகைக்காரர்களில் சிலர் கட்சிச் சுவரெழுத்துக்குப் போனார்கள். ஃப்ளெக்ஸில் முகங்கள் அப்பழுக்கில்லாமல் வருகின்றன. எழுத்துகளில்தான் எனக்குக் குறை. திரையில் கையளவில் வடிவமைத்த பெயர்கள் அப்படியே நாற்பதடிக்குப் பெரிதாக்கப்படுகின்றன. மெல்லிய ஒளிவட்டம், மயிரிழை அவுட்லைன், உலோகப் பளபளப்பு எல்லாம் தெருவுக்கு வரும்போது ஒரு சாம்பல் திட்டாகக் கலந்துவிடுகின்றன.

போன மாதம் ஒரு புறநகர்ச் சாலையில் கட்சிச் சுவரெழுத்து ஒன்றைப் பார்த்தேன். மஞ்சள் முகம், கறுப்புப் பருமன், தலைவர் பெயரின் கடைசியில் ஒரு ‘ன்’. ஷேர் ஆட்டோ வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சாண் அகலத்துக்குப் புள்ளி வைத்து, அதைச் சுற்றி வெள்ளையில் ஒரு வளையம் போட்டிருந்தார் எழுதியவர். தெருமுனையிலிருந்தே தெரிந்தது.