வைண்டிங்கைத் தொடாத முள்

டிரான்ஸ்பார்மரில் எண்ணெயின் சூட்டைக் காட்டும் ஓ.டி.ஐ. டயலுக்குப் பக்கத்திலேயே, அதே பெட்டிக்குள், இன்னொரு டயல் இருக்கும். டபிள்யூ.டி.ஐ. என்பார்கள். டிரான்ஸ்பார்மரின் வைண்டிங் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று காட்டுவது அதன் வேலை. ஆனால் வைண்டிங்குக்கும் அதற்கும் நேரடித் தொடர்பே கிடையாது.

1,10,000 வோல்ட் உள்ள சுருளுக்குள் உலோக உணரியைச் செருகி ஒயரை வெளியே இழுத்தால் இன்சுலேஷன் என்ன ஆகும்? கண்ணாடி இழை உணரிகள் உண்டு. தொழிற்சாலையிலேயே வைத்துச் சுற்றினால்தான் உண்டு. இத்தனைக்கும் தெரிய வேண்டியது வைண்டிங்கிலேயே அதிகம் சுடும் இடம், அதாவது ஹாட் ஸ்பாட். செம்பைச் சுற்றிய காகிதம் அங்கேதான் முதலில் நைந்துபோகும். சாதாரணக் காகிதத்துக்கு 98 டிகிரி இயல்பான அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் அது முதுமையடையும் வேகம் இரட்டிப்பாகிறது.

அளக்க முடியாததை நடித்துக் காட்டுகிறது இந்தக் கருவி. தொட்டியின் மேல்மூடியில் எண்ணெய் நிரப்பிய ஒரு சிறு குழிக்குள் பல்பு இருக்கிறது. மேல் எண்ணெயின் சூட்டில் பல்புக்குள் இருக்கும் திரவம் விரிந்து, மெல்லிய குழாய் வழியே டயலில் உள்ள பெல்லோஸைத் தள்ளுகிறது. இதுவரை ஓ.டி.ஐ.யேதான். வித்தியாசம், பெல்லோஸைச் சுற்றியுள்ள சிறு ஹீட்டர் சுருள். புஷ்ஷிங்கில் உள்ள ஒரு சி.டி., லோடு கரன்டுக்கு ஏற்ற சிறு பங்கை அந்த ஹீட்டருக்கு அனுப்புகிறது. லோடு ஏறினால் வைண்டிங் சுடும், ஹீட்டரும் சுடும். இரண்டு சூட்டையும் கூட்டி முள் காட்டுகிறது.

ஒரு 110/11 கே.வி., 16 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்வோம். 11 கே.வி. பக்கம் முழு லோடு சுமார் 840 ஆம்பியர். தொழிற்சாலைச் சோதனையில், வைண்டிங்கின் சராசரிச் சூடு எண்ணெயின் சராசரியைவிட 20 டிகிரி அதிகம் என்று வந்ததாக வைப்போம். ஹாட் ஸ்பாட்டுக்காக அதை 1.3ஆல் பெருக்கினால் 26. முழு லோடில் முள் அந்த 26 டிகிரி கூடுதலாக ஏறும்படி ஹீட்டர் கரன்டைச் சரிசெய்துவிடுவார்கள். மேல் எண்ணெய் 62 என்றால் முள் 88.

பக்கத்து டிரான்ஸ்பார்மர் டிரிப்பாகி லோடு 120 சதவீதமாகிறது. எண்ணெய் சூடேற மணிக்கணக்காகும், ஓ.டி.ஐ. 62ஐ விட்டு அசையாது. வைண்டிங்குக்குச் சில நிமிடங்கள் போதும். கூடுதல் 26 டிகிரி 35ஐத் தொட, ஹாட் ஸ்பாட் 97 ஆகிறது. ஹீட்டரின் சூடு கரன்டின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால் முள் 99 வரை போகும். ஓவர்லோடில் இரண்டு டிகிரி கூட்டிச் சொல்வதில் நஷ்டமில்லை. அரை லோடில் அதே காரணத்தால் இரண்டு டிகிரி குறைத்துச் சொல்லும். அந்தச் சூட்டில் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. 95இல் அலாரம் வைத்திருந்தால் மணி அடித்திருக்கும்.

சி.டி. ஒயர் கழன்றுவிட்டால்? ஹீட்டர் குளிர்ந்து, டபிள்யூ.டி.ஐ. வெறும் ஓ.டி.ஐ. ஆகிவிடும். நல்ல லோடு ஓடும்போது இரண்டு முட்களும் ஒரே எண்ணைக் காட்டினால் முதல் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும். லோடு இருக்கும்போதே அந்த டெர்மினலில் கைவைக்கக் கூடாது, திறந்த சி.டி.யில் ஆபத்தான வோல்டேஜ் எழும். டிரான்ஸ்பார்மரை நிறுத்தி, சி.டி.யை ஷார்ட் செய்து, டெஸ்ட் கிட்டிலிருந்து ஹீட்டருக்கு முழு லோடுக்குரிய கரன்டைக் கொடுத்து, முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். முள் 26 டிகிரி ஏறினால் டயலில் பழுதில்லை, ஒயரைத் தேடலாம்.