தழும்பேறும் நுரையீரல்

நாகபுரியில் இருபது ஆண்டுகளாக உத்தியோகம் பார்த்துவரும் அன்பர் ஒருவரை உதாரணத்திற்காக எண்ணிக்கொள்வோம். வயது ஐம்பத்தைந்து, புகைபிடிக்கும் வழக்கம் இல்லாதவர். ஓராண்டாக அவருக்கு வறட்டு இருமல். இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. ஆஸ்துமா என்று கருதி உறிஞ்சு மருந்து உபயோகித்தார், பயனில்லை. எக்ஸ்ரே படத்தில் தெரிந்த நிழலைக் கண்டு காசநோய் மருந்தும் சில மாதங்கள் கொடுக்கப்பட்டது. சளியில் கிருமி எதுவும் அகப்படவில்லை. மூச்சுத் திணறலோ வளர்ந்துகொண்டே வந்தது.

கடைசியில் ஒரு மருத்துவர் அவருடைய முதுகின் கீழ்ப்பாகத்தில் குழாயை வைத்துக் கேட்டார். மூச்சை உள்ளே இழுக்குந்தோறும், பையின் ஒட்டுப்பட்டையை மெல்லப் பிரிக்கும்போது எழுவதுபோன்ற ஓசை கேட்டது. நுரையீரல் தழும்பேறியிருக்கலாம் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவரைக் கடந்துதான் பிராணவாயு இரத்தத்தில் சேருகிறது. அந்தச் சுவர் அழற்சியுற்று, ஆறிய புண்ணைப்போலத் தழும்பாகிவிட்டால், அது தடித்து விறைத்துப்போகிறது. புதிய ரப்பர் பலூன் எளிதில் விரியும். பழைய தோல்பை விரியாது. மூச்சு வாங்குவதன் காரணம் இதுவே.

இதை மூச்சுப் பரிசோதனை எண்களால் காட்டுகிறது. நம் அன்பர் ஆழ மூச்சிழுத்துக் கருவியில் முழு பலத்துடன் ஊதினார். அவர் வயதுக்கும் உயரத்துக்கும் 3.2 லிட்டர் காற்று வெளிவர வேண்டும், வந்ததோ 1.9 லிட்டர், அதாவது நூற்றுக்கு அறுபது பங்குதான். ஆனால் அதில் 1.65 லிட்டர் முதல் விநாடியிலேயே வெளிவந்துவிட்டது. ஆஸ்துமாவில் குழாய்கள் குறுகுவதால் காற்று மெதுவாக வெளிவரும். இங்கே குழாய்களில் தடையில்லை, கொள்ளளவுதான் சுருங்கியிருக்கிறது. ஆகவே, குழாயை விரிக்கும் மருந்து பலிக்காததில் வியப்பில்லை.

இரண்டாவது பரிசோதனையில், மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்ஸைடு கலந்த காற்றை இழுத்துப் பத்து விநாடி அடக்கி வெளிவிடச் செய்கிறார்கள். எவ்வளவு வாயு இரத்தத்தில் கலந்தது என்பதிலிருந்து சுவரின் நிலை தெரியும். பிறகு ஆறு நிமிஷம் நடக்கவைத்து, விரலில் மாட்டிய கருவியால் பிராணவாயுவை அளப்பார்கள். உட்கார்ந்திருக்கையில் 97 காட்டிய எண், நடந்தபின் 86 ஆக இறங்கிற்று. ஓய்வில் மட்டும் அளந்திருந்தால் நோய் மறைந்தே இருந்திருக்கும்.

தழும்பு எங்கே, எவ்வகை என்பதைக் காட்டுவது நுண்துல்லிய ஸி.டி. ஸ்கேன். இது மார்பை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள துண்டுகளாகப் படம் எடுக்கிறது. நுரையீரலின் அடியிலும் ஓரங்களிலும் தேன்கூடுபோன்ற குழிகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால், அது பெரும்பாலும் காரணம் புலப்படாத தழும்பு நோய். நம் அன்பரின் படத்திலோ, தழும்புக் கோடுகளோடு மங்கிய கண்ணாடிபோன்ற திட்டுக்களும், மூச்சை வெளிவிட்டபின்னும் காற்று அடைபட்டுக் கறுப்பாக நிற்கும் பகுதிகளும் தெரிந்தன. இது, சுவாசிக்கும் பொருளொன்று நுரையீரலுக்கு ஒவ்வாமற்போனதைச் சுட்டும் சித்திரம். எனினும் படம் ஒன்றே தீர்ப்பாகாது. நோயாளியின் வீட்டு நிலைமையையும் விசாரித்தாக வேண்டும்.

விசாரித்தபோது குற்றவாளி ஜன்னலிலேயே இருந்தது! கோடைதோறும் ஓடும் ஏர் கூலர், பல வருஷங்களாக மாற்றப்படாத மரச்சீவல் தட்டி, அதில் பூஞ்சணம். அந்தப் பூஞ்சணத்தின் நுண்துகள்களை அவர் இரவு முழுவதும் சுவாசித்துவந்தார். 2017-ஆம் ஆண்டில் வெளியான, 19 இந்திய நகரங்களைத் தழுவிய ஆய்வில், இத்தகைய நுரையீரல் நோய்களுள் இந்த ஒவ்வாமை வகையே முதலிடம் பெற்றது. அதற்கு ஆளானோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏர் கூலர் காற்றில் இருந்தவர்கள். புறாக்களின் எச்சமும் இறகுத்தூசியும் இதே தீங்கைச் செய்யவல்லவை.

கூலரை அகற்றியதோடு மருந்தும் கொடுத்ததில் கண்ணாடித் திட்டுக்கள் குறைந்தன, இருமலும் தணிந்தது. ஆனால் முன்னமே விழுந்த தழும்பு மறையவில்லை. தழும்பு பரவுவதை மெதுவாக்கும் மருந்துகள் இன்று உண்டு. அதை அழிக்கும் மருந்து இல்லை. ஆதலால், சில வாரங்களுக்கு மேல் வறட்டு இருமலும் படியேறுகையில் திணறலும் நீடிக்குமாயின், மூச்சுப் பரிசோதனை செய்துகொள்வதோடு, வீட்டிலுள்ள கூலரையும் புறாக்கூட்டையும் பற்றி மருத்துவர் கேட்குமுன் நாமே சொல்லிவிடுவது நலம்.