அடைப்பு நீங்கிய பின் வரும் வெள்ளம்

சிறுநீர் அடைத்துக்கொண்டவருக்குக் குழாய் செலுத்தி நீரை வடித்துவிட்டால், தொல்லை தீர்ந்தது என்றே வீட்டார் எண்ணுவர். ஆனால் அப்போதுதான் வேறொரு கணக்குத் தொடங்குகிறது. மருத்துவமனைப் பயிற்சியில் நான் உடனிருந்து கவனித்த ஒரு முதியவரின் கணக்கை இங்கே சொல்கிறேன்.

அவருக்கு வயது 68. புராஸ்டேட் சுரப்பி பெருத்து, பல வாரங்களாகச் சிறுகச் சிறுக வழியை அடைத்திருந்தது. கால்கள் வீங்கியிருந்தன, எடை 62 கிலோ, இரத்த அழுத்தம் 170/100. குழாய் வைத்ததும் 1,400 மில்லிலிட்டர் வடிந்தது. அத்துடன் நிற்கவில்லை. மணிக்கு 250 மில்லிலிட்டர் வீதம் இரவும் பகலும் வந்துகொண்டே இருந்தது. அடுத்தடுத்து இரண்டு மணி நேரம் 200-ஐத் தாண்டினாலே விழிப்பாயிருக்க வேண்டும் என்பது மருத்துவர் வழக்கு.

இவ்வளவு நீர் எங்கிருந்து வருகிறது? அடைப்பின்போது வெளியேற வழியின்றி நீரும் உப்பும் யூரியாவும் உடலில் தேங்கிவிடுகின்றன. யூரியா வெளியேறும்போது நீரையும் உடன் இழுத்துச் செல்கிறது. இது நல்ல வெள்ளம். தேங்கியது தீர்ந்ததும் தானே வடியும். மற்றொன்று தீய வெள்ளம். பின்னழுத்தத்தால் நலிந்த சிறுநீரக நுண்குழல்கள், உப்பையும் நீரையும் மீட்டுக்கொள்ளும் ஆற்றலைச் சில நாட்கள் இழந்துவிடுகின்றன. நீரைக் காக்கும்படி ஹார்மோன் கட்டளையிட்டாலும் அவை கேட்பதில்லை. (ஒரு பக்கத்துக் குழல் மட்டும் கல்லால் அடைபட்டிருந்தால் மற்றச் சிறுநீரகம் ஈடுசெய்துவிடும், அப்போது இவ்வெள்ளம் அரிது.)

புட்டியில் பார்த்தால் இரண்டும் ஒரே நீர்தான். வேறுபாட்டை நோயாளியின் உடலில்தான் காணவேண்டும். முதல் நாள் அவர் 6 லிட்டர் கழித்தார். 3 லிட்டர் குடித்தார். எடை 57 கிலோவாகக் குறைந்தது, வீக்கம் வற்றியது, அழுத்தம் 130/80 ஆயிற்று. எழுந்து நின்றபோதும் அது இறங்கவில்லை. ஆகவே டிரிப் ஏற்றவில்லை. போன நீர் முழுவதையும் ஏற்றியிருந்தால் சிறுநீரகம் அதையும் கொட்டியிருக்கும். நாம் ஊற்றிய நீரையே நோயென்று அளந்துகொண்டிருப்போம்!

இரண்டாம் நாள் மாலை நிலைமை மாறியது. வீக்கம் இல்லை, ஆயினும் மணிக்கு 250 குறையவில்லை. நாக்கு வறண்டது. எழுந்து நின்றதும் தலை சுற்றியது. 120 இருந்த மேலழுத்தம் 95-க்கு இறங்கியது. சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 80 மில்லிமோல்! உடலுக்குத் தேவையான உப்பே போகிறது என்பது தெளிவாயிற்று. முதலில் 0.9 சதவீத உப்புநீர் அரை லிட்டர் ஏற்றி அழுத்தத்தை நிமிர்த்தினர். பிறகு, இரண்டு மணிக்கொருமுறை கழிந்த நீரை அளந்து, அதில் பாதியளவு மட்டும் 0.45 சதவீத உப்புநீராக ஈடுசெய்தனர். அதில் சோடியம் லிட்டருக்கு 77. இழப்பை ஒட்டிய அளவே. ஆறு மணிக்கொருமுறை இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் பார்க்கப்பட்டன. அடைப்பின்போது 5.8 இருந்த பொட்டாசியம் 3.3-க்கு வந்துவிட்டதால் அதையும் சிறிது சேர்க்க நேர்ந்தது. அது மேலும் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும்.

நான்காம் நாள் மணிக்கு 90 ஆயிற்று. டிரிப்பை எடுத்துவிட்டார்கள், அவரே கேட்டுக் கஞ்சி குடித்தார்.