காபிக்கொட்டையின் அடி எங்கே?

வயிற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடக்கூடிய நோய்கள் அதிகம் இல்லை. வயிற்றுக்குள் இருப்பது பெரும்பாலும் நீரும் தசையும். இரண்டும் படத்தில் ஒரே சாம்பல் நிறத்தில்தான் விழும். எலும்பு வெளுப்பாகத் தெரியும், காற்று கருப்பாகத் தெரியும். வயிற்றுப் படத்தைப் படிக்கும் மருத்துவர் முக்கியமாக நம்புவது அந்தக் கருப்பைத்தான். குடலுக்குள் காற்று எங்கே நிற்கிறது, எவ்வளவு நிற்கிறது, என்ன வடிவத்தில் நிற்கிறது என்று பார்த்துக் குடலின் நிலையை ஊகிப்பார். பெருங்குடலின் கடைசி வளைவு முறுக்கிக்கொள்ளும்போது அந்தக் காற்றே ஒரு வடிவத்தை வரைந்து காட்டுகிறது. நடுவே கோடு விழுந்த பெரிய காபிக்கொட்டை. உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் படம் இது. ஆனால் கொட்டையைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் ஏமாற வாய்ப்புண்டு.

பெருங்குடல் வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே ஏறுகிறது. கல்லீரலுக்குக் கீழே திரும்பி, வயிற்றின் குறுக்கே போய், இடப்பக்கமாக இறங்குகிறது. ஏறும் பகுதியும் இறங்கும் பகுதியும் முதுகுப்புறச் சுவரோடு ஒட்டியிருப்பதால் நகராது. இறங்கிய குடல் மலக்குடலைச் சேருவதற்கு முன் இடுப்புக்குழி அருகே ஒரு வளைவு வளைகிறது. அதற்குப் பெயர்தான் சிக்மாய்டு. இது சுவரோடு ஒட்டாமல் ஒரு சவ்வில் தொங்குகிறது. ரத்தக்குழாய்களும் அந்தச் சவ்வு வழியாகத்தான் வந்து போகின்றன. ஊஞ்சலின் இரண்டு கயிறுகளையும் மேலே நெருக்கமாகக் கட்டியிருந்தால் பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றி முறுக்கிவிடுவார்கள். தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தால் முறுக்குவது கடினம். சிக்மாய்டும் அப்படித்தான். வளைவு நீளமாகவும், அதன் இரண்டு முனைகளும் சேரும் அடிப்பகுதி குறுகலாகவும் இருப்பவர்களுக்கே முறுக்கு விழுகிறது.

இந்த நீளம் சிலருக்குப் பிறவியிலேயே அமைகிறது, சிலருக்குப் பிறகு வருகிறது. பல வருட மலச்சிக்கல், படுத்த படுக்கை, பார்க்கின்சன் நோய், குடலின் அசைவை மந்தமாக்கும் மனநல மருந்துகள் என்று மேற்கு நாடுகளில் இதற்கு ஆளாகிறவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். ஆப்பிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் இந்தியாவிலும் நடுத்தர வயது ஆண்களுக்கும் வருகிறது. நார்ச்சத்து மிகுந்த உணவால் குடல் பருத்து நீள்வது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. தென் அமெரிக்காவில் சாகஸ் நோய் என்னும் ஒட்டுண்ணித் தொற்று குடலின் நரம்புகளைக் கெடுத்துக் குடலை ஊதவைப்பதால் அங்கேயும் இது அதிகம்.

அரைச்சுற்று முறுக்கினால் பல சமயம் தானாகவே அவிழ்ந்துவிடும். ஒரு முழுச்சுற்று ஆகிவிட்டால் வளைவின் இரண்டு வாய்களும் மூடிக்கொள்கின்றன. உள்ளே மாட்டிக்கொண்ட மலத்தைப் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து மேலும் வாயுவை உண்டாக்குகின்றன. கொஞ்சம் வாயு மேலிருந்து நுழையலாம், வெளியேற வழியில்லை. வளைவு ஊதுகிறது. சவ்வுக்குள் ஓடும் சிரைகளில் அழுத்தம் குறைவு என்பதால் முதலில் நசுங்குபவை அவையே. ரத்தம் திரும்ப முடியாமல் குடலின் சுவர் வீங்குகிறது. பிறகு தமனியும் அடைபட்டால் சுவர் அழுகத் தொடங்குகிறது.

இப்படி ஒருவர் அவசரப் பிரிவுக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். எழுபதைத் தாண்டியவர். பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். வயிறு உப்பிக் கும்மென்று நிற்கிறது. பணியில் இருக்கும் மருத்துவர் மகனிடம் கேட்கும் முதல் கேள்வி, “அப்பாவுக்குக் கடைசியா மோஷன் எப்போ போச்சு?”

“மூணு நாளா போகல சார்.”

“காத்து பிரியுதா?”

“நேத்துலேர்ந்து அதுவும் இல்ல. வாந்தி மட்டும் இல்ல சார், அதான் வாயுன்னு நெனச்சு ஓமத்தண்ணி குடுத்தோம்.”

வாந்தி இல்லை என்பதைக் கேட்டு மருத்துவர் நிம்மதி அடைவதில்லை. அடைப்பு சிறுகுடலில் இருந்தால் வாந்தி சீக்கிரம் வரும். பெருங்குடலின் கடைசியில் இருந்தால் தாமதமாக வரும், சிலருக்கு வராமலும் போகும். காற்றுகூடப் பிரியவில்லை என்பதுதான் இங்கே முக்கியமான செய்தி. மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்று எக்ஸ்ரே ஒன்று எடுக்கிறார்கள்.

படத்தைப் பார்க்கும்முன் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். நோயாளி நம் எதிரே முகம் பார்த்து நிற்பதுபோலத்தான் படம் மாட்டப்படும். அவருடைய இடது பக்கம் நமக்கு வலது. இனி இடது, வலது என்று சொல்வதெல்லாம் அவருடையவை.

படத்தின் பெரும்பகுதியைக் கருப்பு நிறைத்திருக்கிறது. நேராக நிற்கும் ‘ப’வைப் போல இல்லாமல், தலைகீழாகக் கவிழ்த்த ‘ப’வின் மேல்பக்கத்தை உருட்டிவிட்டதுபோல் இரண்டு கால்களும் கீழே, வளைவு மேலே. கால்கள் இரண்டும் ஊதிப்போய் ஒன்றையொன்று நெருக்குகின்றன. அவை தொட்டுக்கொள்ளும் இடத்தில் இரண்டு குடல்சுவர்கள் முதுகோடு முதுகாக நிற்பதால், கருப்புக்கு நடுவே வெளிறிய கோடு ஒன்று விழுகிறது. அதுதான் காபிக்கொட்டையின் பிளவு. இருபுறமும் வெளிச்சுவர்கள் மெல்லிய கோடுகளாகத் தெரிகின்றன. நடுக்கோடு அவற்றைவிடச் சற்றுத் தடிமன், ஏனென்றால் அது இரண்டு சுவர்கள் சேர்ந்தது.

கொட்டையைக் கண்டுவிட்டோம். இனி செய்யவேண்டியது, கண்ணைக் கீழே இறக்குவது. இரண்டு வெளிக்கோடுகளும் நடுக்கோடும் கீழ்நோக்கி ஒன்றையொன்று நெருங்கி, இடது அடிவயிற்றில் இடுப்புக்குழியின் வாசலில் ஓரிடத்தில் சேருகின்றன. முறுக்கு இருப்பது அங்கேதான். இந்த மூன்று கோடுகளைக் கவனப்படுத்தியவர் நார்வேயைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவர் ஃப்ரிமன்-டால். அடையாளம் இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. என் கணக்கில் காபிக்கொட்டை வெறும் அழைப்பு மணிதான். சாட்சி சொல்வது இந்தச் சந்திப்பு.

அடுத்து மேலே பார்க்கவேண்டும். சிக்மாய்டின் சொந்த இடம் அடிவயிறு. நம் நோயாளியின் படத்திலோ வளைவின் உச்சி விலா எலும்புகளுக்குள் ஏறி, உதரவிதானத்தின் கீழே போய் நிற்கிறது. குறுக்குப் பெருங்குடலையும் தாண்டிவிட்டது. கல்லீரலின் கீழ்விளிம்பின் மேல் கருப்பு படிந்திருக்கிறது. பெருங்குடலின் சுவரில் வழக்கமாகப் பாதி தூரம் வந்து நிற்கும் மடிப்புக் கோடுகள் இருக்கும்; இந்த வளைவில் அவை ஒன்றுமே இல்லை. அவ்வளவு தூரம் இழுபட்டுச் சுவர் வழுவழுப்பாகிவிட்டது. மலக்குடல் இருக்கவேண்டிய இடத்தில் காற்றே இல்லை. எனிமா கொடுத்த பிறகு எடுத்த படமாக இருந்தால் மட்டும் இந்தக் கடைசிக் குறிப்பை நம்பமுடியாது, குழாயோடு காற்றும் உள்ளே போயிருக்கும்.

இதே வேஷத்தில் வருகிறவர்களும் உண்டு. பெருங்குடலின் தொடக்கப் பையான சீக்கமும் சிலருக்கு முறுக்கிக்கொள்ளும். அதுவும் ஊதி, காபிக்கொட்டையை நினைவூட்டலாம். ஆனால் அதன் அடி வலது அடிவயிற்றில் இருக்கும், உச்சி பெரும்பாலும் இடது மேல்வயிற்றை நோக்கும். மடிப்புக் கோடுகள் ஓரளவு மிச்சமிருக்கும். சிறுகுடல் ஊதியிருக்க, இடப்பக்கப் பெருங்குடல் சுருங்கிக் கிடக்கும். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் சிகிச்சையே மாறிவிடும். சீக்க முறுக்கை உள்நோக்கி விட்டு அவிழ்ப்பது அரிதாகத்தான் பலிக்கும். அதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். இன்னொன்று, 1948-ல் ஓகில்வி என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் விவரித்த போலி அடைப்பு. முறுக்கு எதுவும் இல்லாமலே பெருங்குடல் செயலற்று ஊதிவிடும். அதில் ஒரு வளைவு மட்டும் தனித்து நிற்காது; குடல் நெடுகிலும் காற்று தெரியும், பல சமயம் மலக்குடல் வரைக்கும்.

எல்லோருடைய படமும் இவ்வளவு நேர்மையாக இருப்பதில்லை. வளைவுக்குள் காற்றைவிட நீர் அதிகம் இருந்தால் கருப்பு குறைந்து வடிவம் கலைந்துவிடும். வளைவு பக்கவாட்டில் திரும்பியிருந்தால் ஒரு கால் இன்னொன்றை மறைக்கும். முறுக்கால் பின்தங்கிய காற்று மேலுள்ள பெருங்குடலையும் ஊதவைத்தால் எது எதன் சுவர் என்றே பிரிக்கமுடியாது. கணிசமானவர்களுக்கு எக்ஸ்ரே மட்டும் போதாமல்தான் போகிறது. அப்போது சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். அதில் சவ்வும் ரத்தக்குழாய்களும் ஒரு மையத்தைச் சுற்றிச் சுழித்து நிற்பது நேரடியாகவே தெரியும்.

சி.டி.க்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. குடல் உயிரோடு இருக்கிறதா என்பதை எக்ஸ்ரே சொல்லாது. அழகான, பாடப்புத்தகம் போன்ற காபிக்கொட்டைக்குள் அழுகிய குடல் இருக்கலாம். ஓட்டை விழுந்துவிட்டால் மட்டும், உட்காரவைத்து எடுக்கும் மார்பு எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே பிறைபோல் காற்று தெரியும். அது மிகவும் தாமதமான செய்தி. அதற்கு முன்பே காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, தொட்டாலே விறைக்கும் வயிறு, மலவாயில் ரத்தம் ஆகியவை எச்சரிக்கும். இவற்றில் ஏதாவது இருந்தால் உள்நோக்கிக்குக் காத்திருக்காமல் அறுவை அரங்குக்குத்தான் போகவேண்டும்.

நம் நோயாளிக்கு அவை ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மலவாய் வழியாக உள்நோக்கியை மெல்லச் செலுத்துகிறார்கள். முறுக்கின் வாயைத் தாண்டியதும் அடைபட்ட காற்றும் நீர்மலமும் பீறிட்டு வரும். அருகில் நிற்பவர்கள் ஏப்ரன் போட்டிருப்பது அதற்காகத்தான். உள்ளே தெரியும் சவ்வு இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. கருநீலமாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு அறுவைக்குத் தயாராகவேண்டும். இந்த வழியை 1947-ல் நார்வேயின் புரூஸ்கார்ட் என்ற மருத்துவர் தம் நோயாளிகளின் பெரிய தொகுப்போடு விளக்கி எழுதினார். அதுவரை உடனே வயிற்றைத் திறப்பதே பெருவழக்காக இருந்தது. அவிழ்த்த பிறகு ஒரு மெல்லிய குழாயை உள்ளேயே விட்டுக் கட்டிவைக்கிறார்கள், ஒன்று முதல் மூன்று நாள் வரை. மறுபடி ஓர் எக்ஸ்ரே. வளைவு சுருங்கிக் கருப்பு மறைந்து, குழாயின் வெள்ளைக்கோடு சிக்மாய்டுக்குள் போயிருப்பது தெரியவேண்டும்.

வயிறு வற்றியதும் பெரியவர் எழுந்து இட்லி கேட்பார். குடும்பம் வீட்டுக்குக் கிளம்பத் துடிக்கும். ஆனால் அவிழ்ந்தது முறுக்குதான். நீண்ட வளைவும் குறுகிய அடியும் அப்படியேதான் இருக்கின்றன. அவிழ்த்து அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கோ அதற்கு மேலோ இது திரும்பி வருகிறது, சிலருக்குச் சில வாரங்களிலேயே. அதனால்தான் உடல் தாங்குமானால் அதே அனுமதியில், குடலைச் சுத்தம் செய்து, அந்த நீண்ட வளைவை வெட்டியெடுத்து இரண்டு முனைகளையும் இணைத்துவிடும்படி அறுவை மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். அழுகிய குடலை நள்ளிரவில் அவசரமாக வெட்டுவதைவிட இதில் ஆபத்து பலமடங்கு குறைவு. அறுவையைத் தாங்காத உடல் என்றால் மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்து அனுப்புவார்கள். வீட்டார் மறுபடி வரும்போது பழைய எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுவந்தால் புதிய படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எளிது.