'இல்லை' என்று சொன்ன ரிப்போர்ட்

எங்கள் மகனுக்கு ஏழு வயது. தில்லியில் பிறந்து வளர்ந்தவன். ராத்திரி சப்பாத்தி இல்லாவிட்டால் சாப்பிட மாட்டான். இரும்புச் சத்து மருந்து மாதக்கணக்கில் கொடுத்தும் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவில்லை. உயரமும் ஏறவில்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாக இருக்குமோ என்று ஓர் ஆண்டுக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்தோம். 'நெகட்டிவ்' என்று வந்தது. அதோடு அந்தக் கதையை மூடிவிட்டோம்.

அடிக்கடி சளி பிடிக்கிறதே என்று சமீபத்தில் வேறொரு டாக்டரம்மாவிடம் போனபோது, அவர் இம்யூனோகுளோபுலின் அளவுகளைப் பார்க்கச் சொன்னார். மற்ற இரண்டும் சரியாக இருந்தன. ஐ.ஜி.ஏ. மட்டும் டெசிலிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கும் கீழே. உடனே அவர், "பழைய சீலியாக் ரிப்போர்ட் இருக்கிறதா?" என்று கேட்டார். சளிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

சம்பந்தம் இதுதான். சீலியாக் நோய்க்கு முதலில் செய்யும் டி.டி.ஜி. சோதனை, ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. அந்த வகையையே உடல் தயாரிக்காவிட்டால், நோய் இருந்தாலும் சோதனையில் ஒன்றும் தெரியாது. தபால் பெட்டியில் கடிதம் இல்லை. யாரும் எழுதவில்லையா, தபால்காரரே வரவில்லையா? பெட்டியைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. அதனால்தான் டி.டி.ஜி.யுடன் மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அது பார்க்கப்படவில்லை. போதாக்குறைக்கு, ஐ.ஜி.ஏ. இல்லாதவர்களுக்குச் சீலியாக் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாம்.

"அப்படியானால் இன்றே கோதுமையை நிறுத்திவிடலாமா?" என்றாள் என் மனைவி. டாக்டரம்மா தடுத்துவிட்டார். கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறைந்து, குடலும் ஆறத் தொடங்கி, அடுத்த சோதனையும் ஏமாற்றும். சப்பாத்தி கொடுத்துக்கொண்டே, ஐ.ஜி.ஜி. வகையைத் தேடும் சோதனைக்கு ரத்தம் அனுப்பினோம். அளவு அதிகமாக இருந்தது. ஆனால் அதை மட்டும் நம்பி ஆயுள் முழுக்கப் பத்தியம் வைக்க முடியாது என்று, எண்டோஸ்கோபி மூலம் சிறுகுடலிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்துப் பார்த்தார்கள். உணவை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்து தட்டையாகி இருந்தன. இரும்புச் சத்து எங்கே போயிற்று என்பது அப்போதுதான் விளங்கியது.

ரிப்போர்ட்டில் ஐ.ஜி.ஏ. குறைவு என்று கண்டதும் பயப்படவும் வேண்டாம். இது வயதோடு மெல்ல ஏறும் அளவு. சில ரிப்போர்ட்டுகளில் பெரியவர்களின் அளவே பக்கத்தில் அச்சாகியிருக்கும். அதோடு குழந்தையை ஒப்பிடக்கூடாது. நான்கு வயதுக்கு முன் இது நிரந்தரக் குறை என்று முடிவும் கட்டுவதில்லை. குறை உள்ளவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கிறார்கள். ஆனால் ரத்தம் ஏற்ற நேர்ந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வருவதுண்டு.

இப்போது எங்கள் வீட்டில் இட்லியும் சோறும்தான். ரவை உப்புமாவும் சேமியாவும் போயின. சாம்பாருக்குப் போடும் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பது டப்பாவின் லேபிளைப் படித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.