கோடுகள் சேரும் இடத்தில் சராசரி எதைச் சொல்லும்?

மனிதர்களைப் போலவே கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி உடலில் தானாக உற்பத்தியாவதில்லை. சாப்பாட்டில் கிடைத்தால்தான் உண்டு. அந்த வைட்டமினைப் பற்றிய பழைய ஆய்வுகளில் இந்தச் சின்னப் பிராணி அடிக்கடி வருவதற்கு அதுவே காரணம். கிராம்ப்டன் என்ற ஆய்வாளர் 1947இல் வெளியிட்ட அப்படியொரு சோதனையின் எண்கள், R என்ற புள்ளியியல் மென்பொருளோடு ToothGrowth என்ற பெயரில் இன்றும் சேர்ந்தே வருகின்றன. வைட்டமினை ஆரஞ்சுச் சாறாகக் கொடுப்பதா, தூய அஸ்கார்பிக் அமிலமாகக் கொடுப்பதா என்பது ஒரு காரணி. ஒரு நாளைக்கு 0.5, 1, 2 மில்லிகிராம் என்ற மூன்று அளவுகள் இன்னொரு காரணி. இரண்டையும் சேர்த்தால் ஆறு குழுக்கள். குழுவுக்குப் பத்து வீதம் 60 கினிப்பன்றிகள். அளந்தது, பல் வளரக் காரணமான செல்களின் நீளம்.

இந்த ஆறு சராசரிகளையும் ஒரே படத்தில் வரையலாம். R-இல் ஒரு வரி போதும்:

```
with(ToothGrowth, { interaction.plot(dose, supp, len); grid() })
```

கிடைமட்ட அச்சில் வைட்டமினின் அளவு, செங்குத்து அச்சில் செல்லின் நீளம், சாற்றுக்கு ஒரு கோடு, அமிலத்துக்கு ஒரு கோடு. வகுப்பறைத் திரையில் ஓடும் இந்தப் படத்தைப் பலரும் செல்போனில் எடுத்துவைத்துக்கொண்டு, பிறகு அதைப் பார்த்தே முடிவுகளை எழுதுகிறார்கள். அங்கேயே முதல் சிக்கல் தொடங்கிவிடுகிறது. பக்கவாட்டில் நின்று எடுத்த புகைப்படத்தில், தண்டவாளங்கள் தூரத்தில் நெருங்குவதுபோல, இணைகோடுகளும் நெருங்கித் தெரியும். ஆகவே கோடுகள் சாய்ந்திருக்கின்றனவா, சேர்கின்றனவா என்று கண்ணால் மட்டும் முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கட்டக்கோட்டின் போக்கிலேயே இடது அச்சுக்குப் போய், அங்கே எழுதியுள்ள எண்ணைப் படிக்க வேண்டும். புகைப்படம் கோணலாக இருந்தாலும் கட்டக்கோடும் கூடவே கோணலாவதால் எண் பெரிதாகத் தவறாது.

அப்படிப் படித்தால் தோராயமாகக் கிடைக்கும் சராசரிகளின் துல்லியமான மதிப்புகள் இவை. ஆரஞ்சுச் சாற்றில் 13.23, 22.70, 26.06. அமிலத்தில் 7.98, 16.77, 26.14. இனி கோடுகளின் சாய்வை மறந்துவிட்டு, ஒவ்வொரு அளவிலும் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கழித்துப் பார்க்கலாம். 0.5 மில்லிகிராமில் 5.25. 1 மில்லிகிராமில் 5.93. 2 மில்லிகிராமில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அமிலம்தான் 0.08 கூடுதல். கோடுகள் இணையாக இருந்தால் இந்த மூன்று இடைவெளிகளும் ஒன்றாக இருந்திருக்கும். இங்கே முதல் இரண்டு இடங்களில் ஏறக்குறைய இணையாக வந்த கோடுகள், கடைசியில் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன. ஒரு காரணியின் பலன் இன்னொரு காரணியின் அளவைப் பொறுத்து மாறுவதை இடைவினை என்கிறோம். படத்தில் அது தெரியும் விதம் இதுதான்.

இப்போது முதன்மை விளைவுக்கு வருவோம். சாறு, அமிலம் என்ற காரணியின் முதன்மை விளைவு என்பது மூன்று அளவுகளையும் சேர்த்துச் சராசரி பார்த்த வித்தியாசம். சாற்றுக்கு 20.66, அமிலத்துக்கு 16.96, வித்தியாசம் 3.70. அட்டவணையில் இந்த விளைவுக்கு அருகே வரும் பி-மதிப்பு 0.0002தான். அதைப் பார்த்ததும் ‘ஆரஞ்சுச் சாறு அமிலத்தைவிட 3.70 அதிகம் வளர்க்கிறது’ என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அந்த 3.70, 5.25, 5.93, கழித்தல் 0.08 என்ற மூன்றின் சராசரி. சோதனையில் இருந்த எந்தக் கினிப்பன்றிக் குழுவும் 3.70 என்ற வித்தியாசத்தைக் காட்டவில்லை. குறைந்த அளவு கொடுப்பவருக்கு அது உண்மையான பலனைக் குறைத்துச் சொல்கிறது. 2 மில்லிகிராம் கொடுப்பவருக்கோ, இல்லாத பலனை இருப்பதாகச் சொல்கிறது. இன்னொன்றும் உண்டு. ஆய்வாளர் 0.5-ஐயும் 1-ஐயும் மட்டும் சோதித்திருந்தால் அதே ‘முதன்மை விளைவு’ 5.59 ஆகியிருக்கும். எந்தெந்த அளவுகளைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பொறுத்து மாறும் எண்ணை, சாற்றின் இயல்பு என்று சொல்ல முடியாது.

கோடுகள் சேர்வது தற்செயலாகவும் நடந்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. எந்தச் சோதனையிலும் கோடுகள் அச்சுப்பிசகாமல் இணையாக வருவதில்லை. விலங்குக்கு விலங்கு உள்ள வேறுபாடே இடைவெளியைக் கொஞ்சம் அசைத்துவிடும். இந்தச் சோதனையில் இரு சராசரிகளின் வித்தியாசத்துக்குத் திட்டப்பிழை சுமார் 1.6. இடைவெளிகளுக்கு இடையிலான வித்தியாசத்துக்கு அது சுமார் 2.3. 5.25-க்கும் 5.93-க்கும் உள்ள 0.68 அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே அந்தப் பகுதியில் கோடுகள் இணை என்றே கொள்ளலாம். ஆனால் 5.93 இடைவெளி காணாமல் போனது 2.3-ஐப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். முழு இடைவினைக்கான பி-மதிப்பு 0.022. புகைப்படத்தில் பிழைக்கோடுகள் இல்லையென்றால் இந்த எடைபோடலைச் செய்யவே முடியாது. அதனால் படத்தோடு இந்த அட்டவணையையும் கேட்டு வாங்குவது நல்லது:

```
summary(aov(len ~ supp * factor(dose), data = ToothGrowth))
```

இடைவினை இருந்தால் முதன்மை விளைவுகள் எல்லாமே வீண் என்று பாடம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இதே படத்தில் இன்னொரு காரணியான வைட்டமினின் அளவைப் பாருங்கள். இரண்டு கோடுகளும் எல்லா இடத்திலும் மேலே மட்டுமே ஏறுகின்றன. ‘அளவு கூடினால் செல் நீள்கிறது’ என்பது சாற்றுக்கும் பொருந்துகிறது, அமிலத்துக்கும் பொருந்துகிறது. எவ்வளவு நீள்கிறது என்பதில்தான் வேறுபாடு. 1-லிருந்து 2-க்குப் போகும்போது அமிலத்தில் 9.37 ஏறுகிறது, சாற்றில் 3.36 மட்டுமே. ஆக, அந்த முதன்மை விளைவின் திசையை நம்பலாம், அளவை நம்பக் கூடாது. கோடுகள் பெருக்கல் குறிபோல நன்றாக வெட்டிக்கொண்டால்தான் திசையும் கைவிட்டுப் போகும். அப்போது ஒருபக்கத்து லாபமும் மறுபக்கத்து நட்டமும் ஒன்றையொன்று அழித்து, முதன்மை விளைவு பூஜ்யமாகக்கூடத் தெரியலாம். காரணி வலுவாக வேலை செய்துகொண்டிருந்தாலும்.

சிலர் நீளத்தை லாகரிதமாக மாற்றிக் கோடுகளை இணையாக்கப் பார்ப்பார்கள். இரு கோடுகளும் எங்கும் தொடாமல் வெறுமனே விலகிப்போகும் படங்களில் அந்த உத்தி பலிப்பதுண்டு. இங்கே பலிக்காது. ஓரிடத்தில் சமமாகவும் இன்னோரிடத்தில் தெளிவாக வேறாகவும் இருக்கும் இரு சராசரிகளை, எந்த அளவுகோலுக்கு மாற்றினாலும் ஒரே இடைவெளியில் நிறுத்த முடியாது. ஆகவே முடிவை அளவுவாரியாக எழுதுவதே சரி: 0.5 மில்லிகிராமிலும் 1 மில்லிகிராமிலும் சாறு ஐந்தரை அலகு அளவுக்கு முன்னால் நிற்கிறது; 2 மில்லிகிராமில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

அந்தக் கடைசி வரியில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். 0.08 என்ற வித்தியாசத்தின் 95 சதவீத நம்பக இடைவெளி, இரு பக்கமும் சுமார் 3.3 வரை நீள்கிறது. எனவே இரண்டும் சமம் என்று இந்தச் சோதனை நிறுவிவிடவில்லை. 2 மில்லிகிராமில் சாறு மூன்று அலகு முன்னாலோ பின்னாலோ இருக்கும் சாத்தியம் இன்னும் திறந்தேதான் இருக்கிறது. அதைத் தீர்க்க, அந்த ஒரே அளவில் இன்னும் நிறைய விலங்குகளைச் சோதிக்க வேண்டியிருக்கும்.